குடோனில் நேரம் எங்கே போகிறது?

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் உதிரிப்பாகக் குடோன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆயில் ஃபில்டர்கள் நிரம்பிய பெட்டி ஒன்று அங்கே வந்து இறங்கி, பிறகு வேலூரில் ஒரு டீலர் கடைக்குப் போகிறது. அந்தப் பெட்டியின் மீது மனிதர் கை படும் நேரத்தை மட்டும் கூட்டிப் பாருங்கள். லாரியிலிருந்து இறக்க வேண்டும், எண்ண வேண்டும், ரேக்கில் வைக்க வேண்டும். ஆர்டர் வந்ததும் எடுத்து, சரிபார்த்து, கட்டி, மறுபடி லாரியில் ஏற்ற வேண்டும். எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம் தேறினால் அதிகம்.

ரேக்கில் இருந்த நாட்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். லாரி வாசலில் டோக்கன் வாங்கியதிலிருந்து பெட்டி ரேக் ஏறும் வரை ஒரு பகுதி. ஆர்டர் வந்ததிலிருந்து வண்டி கிளம்பும் வரை இன்னொரு பகுதி. இந்த இரண்டும் சேர்ந்து இரண்டு நாளைத் தொடுவது நம் ஊர்க் குடோன்களில் அபூர்வமல்ல. இத்தனைக்கும் அங்கே யாரும் சும்மா உட்கார்ந்திருப்பதாகத் தெரியாது. எல்லோரும் வியர்த்து ஓடிக்கொண்டுதான் இருப்பார்கள்.

இப்படி ஓட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் வீணை வகைப்படுத்தியவர் டாயிச்சி ஓனோ. 1912-இல் பிறந்து 1990-இல் மறைந்த இவர் டொயோட்டா நிறுவனத்தின் உற்பத்தி முறையை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர். தேவைக்கு மேல் செய்வது, காத்திருப்பது, சரக்கை வீணே இடம் மாற்றுவது, தேவையில்லாத வேலையைச் செய்வது, இருப்பைக் குவிப்பது, ஆட்கள் வீணே அலைவது, பிழை செய்வது என ஏழு வகை விரயங்களை அவர் சொன்னார். இந்த வழிமுறைக்கு 'லீன்' என்ற பெயர் 1988-இல் ஜான் கிராஃப்சிக் எழுதிய ஒரு கட்டுரையில் வந்தது. 1990-இல் வெளிவந்த 'தி மெஷின் தட் சேஞ்ச்ட் தி வேர்ல்டு' என்ற நூல் அதை உலகெங்கும் பரப்பியது.

ஓனோவைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் செய்தி ஒன்று உண்டு. தொழிற்சாலைத் தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, இளம் பொறியாளரை அதற்குள் நிறுத்திவிட்டுப் போய்விடுவாராம். மணிக்கணக்கில் நின்று பார்த்தால்தான் விரயம் கண்ணுக்குப் படும் என்பது அவர் கட்சி. குடோனுக்கு இந்த வட்டம் தொழிற்சாலையைவிட அதிகம் தேவைப்படுகிறது. ஏனென்றால் குடோனில் எதுவுமே தயாராவதில்லை. தொழிற்சாலையில் இரும்புத் தகடு கதவாக மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். குடோனுக்குள் ஃபில்டராக வந்தது ஃபில்டராகவேதான் வெளியே போகிறது. வேலூர் டீலர் பணம் கொடுப்பது இரண்டே விஷயங்களுக்கு: சரியான பொருள் வர வேண்டும், சொன்ன நேரத்துக்கு வர வேண்டும். நடுவில் நடப்பதில் எவ்வளவு இந்த இரண்டுக்கும் உதவுகிறது என்பதுதான் கேள்வி.

ஏழில் நான்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாளை மறுநாள் போக வேண்டிய ஆர்டரை இன்றே கட்டித் தரையில் அடுக்குவது, தேவைக்கு மேல் செய்வது. அது வழியை அடைக்கும். கட்டிய பிறகு டீலர் ஆர்டரை மாற்றினால் பிரித்துக் கட்ட வேண்டியிருக்கும். இறக்கிய பேலட்டை 'தற்காலிகமாக' ஒரு மூலையில் வைத்து, மறுபடி இன்னொரு மூலைக்குத் தள்ளி, கடைசியில் ரேக்குக்குக் கொண்டுபோவது சரக்கை வீணே இடம் மாற்றுவது. மூன்று வருடமாக யாரும் கேட்காத பம்பர் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது இருப்பு விரயம். இடது கண்ணாடிக்குப் பதில் வலது கண்ணாடியை அனுப்புவது பிழை. இவற்றை எந்த மேலாளரிடம் கேட்டாலும் ஒத்துக்கொள்வார். காத்திருப்பும் அலைச்சலும் தேவையற்ற வேலையும் அப்படியல்ல. அவை வேலை போலவே வேஷம் போட்டுக்கொண்டு நிற்கும்.

முதலில் காத்திருப்பைப் பார்ப்போம். ஒரு கணக்குப் போடலாம். நம் குடோனில் சரக்கு இறக்க இரண்டு டாக் உண்டு. ஒரு லாரியை இறக்க முக்கால் மணி நேரம் ஆகும். காலை 9 மணிக்கு எட்டு லாரிகள் வாசலில் நிற்கின்றன. முதல் இரண்டும் உடனே உள்ளே போகும். அடுத்த இரண்டு 45 நிமிடம் நிற்கும். அதற்கடுத்தவை 90 நிமிடம். கடைசி இரண்டும் 135 நிமிடம். எட்டு வண்டிகளும் சேர்ந்து நின்ற நேரம் 9 மணி. 12 மணிக்கு எல்லாம் முடிந்து, பிற்பகலில் டாக் காலியாகக் கிடக்கும். இதே எட்டு லாரிகளும் 9 மணிக்கு இரண்டு, 9.45-க்கு இரண்டு என்று வந்திருந்தால், அதே ஆட்களை வைத்துக்கொண்டு ஒரு வண்டிகூட நிற்காமல் இறக்கியிருக்கலாம். காசு எதுவும் செலவில்லை. சப்ளையர்களுக்கு நேரம் ஒதுக்கிக் கொடுத்தால் போதும்.

போதுமா என்றால், முழுதாகப் போதாது. தொலைதூர லாரிகள் நாம் சொல்லும் நேரத்துக்கு வராது. சாலை நிலைமை, டோல் நெரிசல், நகருக்குள் கனரக வாகனங்களுக்கான நேரக் கட்டுப்பாடு எல்லாம் சேர்ந்து அவற்றை ஒரே சமயத்தில் கொண்டுவந்து நிறுத்தும். அதனால் அனுபவசாலிகள் எல்லா லாரிக்கும் நேரம் குறிப்பதில்லை. ஒரகடம், மறைமலைநகர் போன்ற பக்கத்து ஊர் சப்ளையர்களைப் பிற்பகலுக்கு மாற்றிவிட்டு, காலையைத் தொலைதூர வண்டிகளுக்கு விட்டுவிடுகிறார்கள். பாதி வண்டி நகர்ந்தாலே வாசல் வரிசை கரைந்துவிடும். ஹால்டிங் சார்ஜ் பில் குறைவதிலேயே அது தெரியும்.

வாசலில் நிற்கும் லாரி கண்ணுக்குத் தெரிகிறது. உள்ளே நடக்கும் காத்திருப்பு தெரிவதில்லை. பிக்கிங் செய்பவர் பார்ட்டு எண்ணைப் பார்த்துப் பின்னுக்கு வருகிறார், பின் காலி. சரக்கு அதே ரேக்கின் நான்காவது தட்டில் பேலட்டோடு இருக்கிறது. "அண்ணே, ஒரு பேலட் இறக்கிக் குடுங்கண்ணே" என்று ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரைத் தேடிப் போகிறார். அவரோ டாக்கில் லாரியோடு இருக்கிறார். "பத்து நிமிஷம் இருப்பா." அந்தப் பத்து நிமிடமும் எந்த அறிக்கையிலும் வராது. இவர் வேறு ஆர்டரை எடுக்கத் தொடங்கி, இதைப் பாதியில் விட்டு, பிறகு திரும்பி வருவார். காத்திருப்பு இப்படி அலைச்சலாக உருமாறிவிடும். முதல் நாள் மாலையே, மறுநாள் எடுக்கப்படப்போகும் பார்ட்டுகளின் கீழ்ப் பின்களை நிரப்பி வைத்தால் இது தீரும். ஆனால் பல இடங்களில் பின் காலியான பிறகுதான் நிரப்பும் வேலையே தொடங்குகிறது.

இன்னொரு காத்திருப்பு அலுவலகத்தில் பிறக்கிறது. டீலர்களின் ஆர்டர் காலை முழுவதும் வந்துகொண்டே இருக்கும். ஆனால் கம்ப்யூட்டரிலிருந்து பிக்லிஸ்ட் அச்சாவது பிற்பகல் 2 மணிக்கு, ஒரே கட்டாக. காலையில் பிக்கிங் ஆட்கள் பெட்டிகளை நேராக்கிக்கொண்டும் தரையைப் பெருக்கிக்கொண்டும் இருப்பார்கள். மாலை 5 மணிக்குப் பேக்கிங் மேஜை திணறும். இரவில் ஓவர்டைம். காலையில் பெருக்கியதற்கும் இரவில் ஓவர்டைம் கொடுத்ததற்கும் தொடர்பு இருப்பதாக யாருக்கும் தோன்றாது. மணிக்கொரு தடவை சிறு கட்டாகப் பிக்லிஸ்ட்டை வெளியிட்டாலே ஓவர்டைமின் பெரும்பகுதி போய்விடும்.

பெருக்கிக்கொண்டிருப்பவர் வேலை செய்கிறாரா, காத்திருக்கிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு எளிய முறை ஒன்று உண்டு. நேரம் குறிக்காமல், நாளின் வெவ்வேறு வேளைகளில் குடோனைச் சுற்றி வாருங்கள். கண்ணில் படும் ஒவ்வொருவரும் அந்த நொடியில் என்ன செய்கிறார் என்று மட்டும் எழுதுங்கள்: எடுக்கிறார், நடக்கிறார், தேடுகிறார், நிற்கிறார். ஒரு வாரத்தில் 200 குறிப்புகள் சேரும். அதில் 80 இடத்தில் 'நடக்கிறார்' என்று இருந்தால், அவர்களது நேரத்தில் நூற்றுக்கு நாற்பது நடையில் போகிறது என்று கொள்ளலாம். ஏழு முன்னே பின்னே இருக்கும். யார் நின்றார் என்று பெயர் எழுதக் கூடாது. எழுதினால் மறுநாளிலிருந்து உங்கள் தலை தெரிந்ததும் எல்லோரும் 'எடுத்துக்கொண்டிருப்பார்கள்'.

நடை என்றதும் அலைச்சலுக்கு வந்துவிட்டோம். குடோன் மேலாண்மைப் பாடநூல்கள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன: பிக்கிங் செய்பவரின் நேரத்தில் ஏறக்குறைய பாதி நடப்பதற்கே போகிறது, பொருளைக் கையால் எடுப்பது அதில் சிறு பங்குதான். நம் குடோனில் ஒருவர் ஒரு நாளில் 300 வரி எடுப்பதாக வையுங்கள். ஒரு வரி என்றால் பிக்லிஸ்ட்டில் ஒரு பார்ட்டு. வரிக்குச் சராசரி 25 மீட்டர் நடந்தால் ஒரு நாளைக்கு ஏழரை கிலோமீட்டர் ஆகிறது.

ஏன் இத்தனை தூரம்? சரக்கு வந்த அன்று எந்த ரேக் காலியாக இருந்ததோ அங்கே வைத்துவிட்டதுதான் காரணம். தினமும் எழுபது தடவை எடுக்கப்படும் ஆயில் ஃபில்டர் கோடி ரேக்கில் இருக்கும். மாதம் ஒரு தடவை கேட்கப்படும் டேஷ்போர்டு பேனல் பேக்கிங் மேஜைக்குப் பக்கத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். நம் வீட்டுச் சமையலறையில் யாரும் உப்பு ஜாடியைப் பரணில் வைப்பதில்லை. குடோனில் மட்டும் அதைச் செய்கிறோம்.

மாற்றுவதற்குப் பெரிய மென்பொருள் வேண்டாம். கடந்த மூன்று மாதத்தில் எந்தப் பார்ட்டு எத்தனை தடவை எடுக்கப்பட்டது என்று வரிசைப்படுத்த வேண்டும். எத்தனை பீஸ் விற்றது என்பதோ எவ்வளவு விலை என்பதோ இங்கே கணக்கில்லை; கை எத்தனை தடவை போனது என்பதே கணக்கு. ஒரே தடவையில் ஆயிரம் பீஸ் போன பொருளுக்கு ஒரு நடைதான். பட்டியலின் தலையில் உள்ள சில நூறு பார்ட்டுகளைப் பேக்கிங்கை ஒட்டிய ரேக்குகளில், இடுப்பிலிருந்து தோள் வரையிலான உயரத்தில் வைக்க வேண்டும். பிரேக் டிரம் மாதிரி கனமானவை இடுப்பு உயரத்துக்கு வர வேண்டும். குனிந்து எடுத்தால் முதுகு போகும், தலைக்கு மேல் வைத்தால் விழும். பிக்லிஸ்ட்டும் பார்ட்டு எண் வரிசையில் அச்சாகாமல், ரேக்குகள் நிற்கும் வரிசையில் அச்சாக வேண்டும். இல்லாவிட்டால் ஒரே சந்துக்குள் மூன்று தடவை போய்வர நேரும்.

இப்படி மாற்றி, வரிக்கு 25 மீட்டர் என்பது 12 மீட்டராகக் குறைந்தால், ஒருவருக்கு நாளைக்கு 3.9 கிலோமீட்டர் மிச்சம். தள்ளுவண்டியோடு நொடிக்கு ஒரு மீட்டர் நடப்பதாகக் கொண்டால் 65 நிமிடம். ஆறு பேர் இருந்தால் ஆறரை மணி நேரம்.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. வேகமாகப் போகும் பொருட்களை எல்லாம் ஒரே சந்தில் குவித்துவிட்டால், ஆறு தள்ளுவண்டியும் அந்தச் சந்திலேயே முட்டிக்கொண்டு நிற்கும். அலைச்சலைக் குறைத்துக் காத்திருப்பை வாங்கினதாக ஆகும். இரண்டு மூன்று சந்துகளின் முகப்பில் பிரித்து வைப்பது நல்லது. ஒரு தடவை வைத்துவிட்டு மறந்துவிடவும் முடியாது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது வைப்பர் பிளேடு பட்டியலின் மேலே ஏறும், பிப்ரவரியில் இறங்கிவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பட்டியலைப் பார்த்து, மாறியவற்றை மட்டும் இடம் மாற்றினால் போதும்.

நீண்ட நடையைவிட எனக்கு எரிச்சல் தருவது, யாரும் நடை என்றே எண்ணாத நடை. இன்வாய்ஸ் பிரிண்டர் அலுவலக அறைக்குள் இருக்கும். தூசி படக்கூடாது, ஏ.சி. வேண்டும் என்று காரணம் சொல்வார்கள். பேக்கிங் ஆள் ஒவ்வொரு பார்சலுக்கும் 40 மீட்டர் போய், இன்வாய்ஸை எடுத்துக்கொண்டு 40 மீட்டர் திரும்புவார். நாளைக்கு 120 பார்சல் என்றால் 9.6 கிலோமீட்டர். பிரிண்டருக்கு ஏ.சி., ஆளுக்கு நடை. மேஜையருகே மூடி போட்ட ஒரு பிரிண்டர் வைத்தால் செலவு சில மாதத்தில் ஈடாகிவிடும்.

மூன்றாவதான தேவையற்ற வேலையைப் பிடிப்பதுதான் மிகவும் கடினம். ஏனென்றால் அது 'கவனம்' என்ற நற்பெயரோடு நடமாடுகிறது. இறங்கும் பெட்டிகளை லோடுமேன் எண்ணுவார், செக்யூரிட்டி எண்ணுவார், கிளார்க் எண்ணுவார். கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகு பழைய நோட்டிலும் எழுதுவார்கள். அந்த நோட்டை யார் படிக்கிறார்கள் என்று கேட்டால் பதில் வராது. தயாரிப்பாளர் ஒட்டிய பார்கோடு நன்றாகவே இருக்க, அதன் மேலேயே சொந்த லேபிள் ஒட்டுவார்கள். உள்ளங்கையளவு பல்பை முழங்கையளவு அட்டைப்பெட்டியில் போட்டுக் காகிதம் திணிப்பார்கள்.

இவற்றில் பெரியது சரிபார்ப்பு. நம் குடோனிலிருந்து நாளைக்கு 3,000 வரி வெளியே போகிறது என்று வையுங்கள். ஆயிரத்துக்கு ஐந்து வரியில் பிக்கிங் பிழை நேர்கிறது. ஆக 15 பிழைகள். ஒவ்வொரு வரியையும் சரிபார்க்க 20 நொடி. 3,000 வரிக்கு 16 மணி 40 நிமிடம், அதாவது இரண்டு பேரின் முழு ஷிஃப்ட். 15 பிழையையும் பிடித்தாலும், ஒரு பிழைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் உழைப்பு. இதை விரயம் என்று உடனே சொல்லிவிட மாட்டேன். தவறான பார்ட்டு வேலூர் போனால் திரும்பும் லாரி வாடகை, கிரெடிட் நோட், மெக்கானிக்கின் ரேம்ப்பில் நிற்கும் கார் என்று செலவு அதைவிடக் கூடிவிடும்.

ஆனால் பல குடோன்களில் இரண்டாவது சரிபார்ப்பும் உண்டு. என்றோ ஒரு பெரிய டீலர் சத்தம் போட்டதற்காக மேலாளர் போட்ட உத்தரவாக இருக்கும். முதல் ஆள் 15-இல் 13 பிடித்திருந்தால் இரண்டாம் ஆளுக்கு மிஞ்சுவது இரண்டே பிழை. அதே 16 மணி 40 நிமிட உழைப்பு, இரண்டு பிழைக்கு. அதைவிட மோசம், தனக்குப் பின்னால் இன்னொருவர் பார்ப்பார் என்று தெரிந்ததும் முதல் ஆளின் கண் தளரும். முதல் ஆள் ஏற்கெனவே பார்த்துவிட்டார் என்று இரண்டாமவர் கண்ணும் தளரும். சரிபார்ப்பைக் கூட்டியும் புகார் குறையாத குடோன்களில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது.

பிடிபட்ட பிழைகளை ஒரு மாதம் எழுதி வைத்தால் வேறொரு உண்மை தெரியவரும். அவை சில பார்ட்டுகளைச் சுற்றியே மொய்க்கும். இடது, வலது கண்ணாடிகள் பக்கத்துப் பக்கத்துப் பின்களில் இருக்கும். கடைசி இலக்கம் மட்டும் மாறும் இரண்டு பார்ட்டு எண்கள் ஒரே தட்டில் இருக்கும். ஆர்டரில் 10 என்று இருந்தால் பத்து பீஸா, பத்து பீஸ் அடங்கிய பத்து பாக்ஸா என்பதில் குழப்பம் வரும். ஒத்த தோற்றமுள்ளவற்றைத் தள்ளித் தள்ளி வையுங்கள்; பின் லேபிளில் 'ஒரு பாக்ஸ் = 10 பீஸ்' என்று பெரிதாக எழுதுங்கள். பிழையின் கணிசமான பகுதி ரேக்கிலேயே நின்றுவிடும். பின்னையும் பொருளையும் ஸ்கேன் செய்து எடுக்கும் வசதி வந்தால், எடுப்பதும் சரிபார்ப்பதும் ஒரே அசைவில் முடியும். ஆனால் ஸ்கேனர் வந்த பிறகும் பழக்கத்துக்காகக் காகிதத்தில் டிக் அடிப்பதை விடாத இடங்கள் இருக்கின்றன. அங்கே ஸ்கேனரே இன்னொரு தேவையற்ற வேலை.

எல்லாச் சரிபார்ப்பையும் வெட்டிவிடவும் முடியாது. மருந்துக் குடோனில் பேட்ச் எண்ணையும் காலாவதித் தேதியையும் பார்த்தே ஆக வேண்டும். ஈ-வே பில் டீலருக்கு எந்தப் பயனும் தராது. ஆனால் அது இல்லாமல் வண்டியைச் சாலையில் விட முடியாது. லீன் வழக்கில் இவை தனி வகை: மதிப்பு சேர்க்காதவை, ஆனால் இப்போதைக்குத் தவிர்க்க முடியாதவை. இவற்றைச் சீக்கிரம் முடிக்க வழி பார்க்கலாமே தவிர, நீக்க முடியாது.

இந்த மூன்று விரயங்களும் தனித்தனியாக இருப்பதில்லை. இரண்டாவது சரிபார்ப்பால் பெட்டிகள் தரையில் தேங்குகின்றன. தேங்கியவை ஃபோர்க்லிஃப்ட் வழியை அடைக்கின்றன. ஃபோர்க்லிஃப்ட் சுற்றிப் போகிறது, பின் நிரப்பத் தாமதமாகிறது, பிக்கிங் ஆள் அலைகிறார். டாக் காலியாகாமல் வாசலில் லாரி நிற்கிறது. அலைந்தவர் அவசரத்தில் தவறான பெட்டியை எடுக்கிறார். அதைப் பார்த்த மேலாளர் இன்னொரு சரிபார்ப்பைச் சேர்க்கிறார்.

ஆகவே எதைத் தொடங்குவது என்பதைவிட எந்த வரிசையில் செய்வது என்பது முக்கியம். லாரி நேரத்தையும் பிக்லிஸ்ட் நேரத்தையும் முதலில் மாற்றுங்கள். அதற்குப் பணம் வேண்டாம், பலன் ஒரு வாரத்தில் தெரியும். அடுத்து, வேகமாகப் போகும் பார்ட்டுகளின் இடத்தையும் குழப்பும் பார்ட்டுகளின் இடத்தையும் மாற்றுங்கள். சரிபார்ப்பில் கை வைப்பது கடைசியில்தான். பிடிபடும் பிழை மாதாமாதம் குறைவது நோட்டில் தெரிந்த பிறகு இரண்டாவது சரிபார்ப்பை எடுங்கள். அதற்கு முன் எடுத்தால் பிழை வேலூர் போய்ச் சேரும். மிச்சமான நேரத்தைக் காட்டி முதல் மாதமே ஆளைக் குறைக்கும் முதலாளிகளும் உண்டு. அவர்கள் குடோனில் அதற்குப் பிறகு எந்தத் தொழிலாளியும் இன்னொரு விரயத்தைச் சுட்டிக்காட்ட மாட்டார்.